மண்டபம் எத்தனை பெட்டி கேட்கிறது?

கல்யாண மண்டபங்களில் இப்போது இது வழக்கமாகிவிட்டது. மேடையின் இரு பக்கமும் நான்கு நான்காகக் கறுப்புப் பெட்டிகள், மேலிருந்து கீழே லேசாக வளைந்து தொங்குகின்றன. அதற்கு லைன் அரே என்று பெயர். ஸ்டேடியத்தில் ஐம்பதாயிரம் பேரைப் பாட்டு கேட்க வைக்கிற நுட்பம் அது. அதையே ஐந்நூறு பேர் உட்காரும் மண்டபத்தில் மாட்டினால் இன்னும் பிரமாதமாகக் கேட்க வேண்டாமா? இயற்பியல் சொல்லும் பதில் விநோதமானது. அந்த நான்கு பெட்டிகள் பேச்சு ஒலியைப் பொறுத்தவரை பெரும்பாலும் லைன் அரேயாக வேலையே செய்வதில்லை. ஏன் என்று பார்க்கப் போனால், ஒரு கூடத்துக்கு எந்தப் பெட்டி, எத்தனை பெட்டி, எவ்வளவு இடைவெளி என்ற மொத்தக் கணக்கும் கைக்கு வந்துவிடும். அதற்குத் தேவை பள்ளிக்கூட முக்கோணவியலும் ஒரு டேப்பும்தான்.

முதலில் ஒற்றைப் பெட்டி. ஒலி ஓரிடத்திலிருந்து கிளம்பி எல்லாப் பக்கமும் விரிகிறது. இப்படிப்பட்ட பெட்டியை ஒலிப் பொறியாளர்கள் பாயின்ட் சோர்ஸ் என்பார்கள். தமிழில் புள்ளி மூலம் எனலாம். ஒரு கரண்டி மாவை எடுத்துத் தோசை வார்க்கிறீர்கள். அதே மாவில் தோசையின் விட்டத்தை இரு மடங்காக்கினால் பரப்பு நான்கு மடங்காகும், தோசை நான்கில் ஒரு பங்கு மெல்லியதாகும். ஒலிக்கும் இதேதான். பெட்டியிலிருந்து தொலைவு இரு மடங்கானால் ஒலியின் செறிவு நான்கில் ஒன்றாகிறது. டெசிபல் கணக்கில் அது 6 டெசிபல் இழப்பு. 3 டெசிபல் மாறினால் கவனித்துக் கேட்பவருக்குத் தெரியும். 10 டெசிபல் கூடினால் சத்தம் இரு மடங்கானது போல இருக்கும். இந்த இரண்டு எண்களையும் நினைவில் வைத்துக்கொண்டால் மற்றவை எளிது.

ஒற்றைப் பெட்டியும் எல்லாப் பக்கமும் சமமாக ஒலிப்பதில்லை. உள்ளே இருக்கும் ஹார்ன், அதாவது வாய் அகன்ற குழல், உயர் ஒலிகளை ஒரு குறிப்பிட்ட கோணத்துக்குள் அடக்கி அனுப்புகிறது. பெட்டியின் விவரத் தாளில் 90க்கு 60 என்றோ 60க்கு 40 என்றோ போட்டிருப்பது அந்தக் கோணம்தான். முதல் எண் பக்கவாட்டுக்கு, இரண்டாவது மேல் கீழுக்கு. இதைப் பரவு கோணம் என்போம். ஆனால் 90 டிகிரி முடிந்ததும் ஒலி சுவரில் மோதியது போல நின்றுவிடாது. நேர் எதிரே கேட்பதைவிட 6 டெசிபல் குறையும் இடத்தைத்தான் விளிம்பு என்று குறிக்கிறார்கள்.

ஏன் 3 இல்லை, 10 இல்லை, சரியாக 6? இதில் ஒரு சாமர்த்தியம் இருக்கிறது. ஒரே ஒலியைத் தரும் இரண்டு பெட்டிகள் சம அளவில், ஒரே கணத்தில் ஒரு காதை வந்தடைந்தால் அலைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி 6 டெசிபல் கூடும். ஒரு பெட்டியின் விளிம்பில் 6 குறைவு, பக்கத்துப் பெட்டியின் விளிம்பிலும் 6 குறைவு. இரண்டு விளிம்புகளும் தொடும் இடத்தில் கூட்டினால் குறைவு பூஜ்யம். அங்கே உட்கார்ந்திருப்பவருக்கும் நேர் எதிரே உட்கார்ந்திருப்பவருக்கும் ஒரே சத்தம். ஆக, விளிம்பு என்று சொல்லப்படுவது உண்மையில் தையல் போடும் இடம். பெட்டிகளை எவ்வளவு இடைவெளியில் வைப்பது என்ற கணக்கு முழுக்க இந்தத் தையலை எங்கே போடுவது என்பதுதான்.

இனி வரிசைக்கு வருவோம். ஒலி ஒரு புள்ளியிலிருந்து வராமல் நீண்ட செங்குத்துக் கோடு முழுவதிலிருந்தும் ஒரே நேரத்தில் கிளம்பினால் அது மேலும் கீழும் விரியாது, பக்கவாட்டில் மட்டும் விரியும். அப்போது தொலைவு இரு மடங்கானால் இழப்பு 3 டெசிபல்தான். லைன் அரேயின் பெருமையெல்லாம் இந்த 3 டெசிபலில் இருக்கிறது. யோசனை புதிதல்ல. 1950களின் தொடக்கத்திலேயே லண்டனின் செயின்ட் பால் தேவாலயத்தில் பார்கின், டெய்லர் என்ற இருவர் 11 அடி உயரமுள்ள கம்பப் பெட்டிகளை நிறுத்தினார்கள். எதிரொலி பத்து நொடிக்கு மேல் சுற்றிக்கொண்டிருக்கும் அந்த மாபெரும் கட்டடத்தில், ஒலியைக் கூரைக்கு அனுப்பாமல் உட்கார்ந்திருப்பவர்களின் காது மட்டத்திலேயே தட்டையாகச் செலுத்தினால் பிரசங்கம் புரியும் என்பது அவர்கள் கணக்கு. அது பலித்தது. நம் ஊர்ப் பள்ளிகளிலும் தேவாலயங்களிலும் சுவரோடு நிற்கும் காலம் ஸ்பீக்கர்கள் அந்தக் குடும்பத்தின் வாரிசுகள்.

கம்பப் பெட்டிகள் பேச்சுக்குப் போதும், பாட்டுக்குப் போதாது. காரணம் அலைநீளம். நம் ஊர் வெப்பத்தில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர் ஓடுகிறது. 100 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை மூன்றரை மீட்டர் நீளம், 1,000 ஹெர்ட்ஸில் 35 சென்டிமீட்டர், 16,000 ஹெர்ட்ஸில் வெறும் 2.2 சென்டிமீட்டர். அடுத்தடுத்த ஸ்பீக்கர்களின் மையங்கள் அரை அலைநீளத்துக்குள் நெருங்கி இருந்தால்தான் அவை சேர்ந்து ஒரே கோடாக ஒலிக்கும். 16,000 ஹெர்ட்ஸுக்கு அது ஒரு சென்டிமீட்டர். ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் வைக்கத்தக்க, ஸ்டேடியத்துக்குப் போதுமான பலமுள்ள ஸ்பீக்கர் உலகில் கிடையாது.

இந்த முட்டுச்சந்தை உடைத்தவர் கிறிஸ்டியன் ஹைல் என்ற பிரெஞ்சு இயற்பியலாளர். 1992இல் மார்செல் அர்பன் என்பவருடன் சேர்ந்து அவர் கணக்கை வெளியிட்டார். வி-டாஸ்க் என்ற பெட்டி அதிலிருந்து பிறந்தது. ஸ்பீக்கர்களை நெருக்க முடியாவிட்டால் அலையின் வடிவத்தையே மாற்றிவிடலாம் என்பது அவர் வழி. ஸ்பீக்கரின் வட்ட வாயிலிருந்து வரும் ஒலியை ஒரு கூம்புக் கட்டையைச் சுற்றி ஓடவிட்டு, குறுகிய நெடிய பிளவு வழியாக வெளியே விடுகிறார். வாயிலிருந்து பிளவின் நடுவுக்கும், மேல் நுனிக்கும், கீழ் நுனிக்கும் போகிற பாதைகள் எல்லாம் ஒரே நீளம். எனவே அலை பிளவு முழுவதிலும் ஒரே கணத்தில் வெளிப்படுகிறது, உருண்டையாக உள்ளே போனது நாடாவாக வெளியே வருகிறது. பெட்டிகளை அடுக்கினால் நாடாக்கள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே நீண்ட நாடாவாகும். அதற்கும் ஹைல் நிபந்தனை போட்டார். வரிசையின் உயரத்தில் குறைந்தது ஐந்தில் நான்கு பங்கு இந்தப் பிளவாகவே இருக்க வேண்டும். அலைமுகத்தின் வளைவு, மிக உயர்ந்த ஒலியின் அலைநீளத்தில் கால் பங்கைத் தாண்டக் கூடாது. 16,000 ஹெர்ட்ஸில் அது ஐந்தரை மில்லிமீட்டர். ஒரு ஆள் தூக்கச் சிரமப்படும் பெட்டிக்குள் இவ்வளவு நுணுக்கம்.

ஆனால் அந்த 3 டெசிபல் சலுகை எல்லாத் தொலைவுக்கும் கிடைக்காது. வரிசை என்பது எல்லையில்லாத கோடு அல்ல, நீளம் உள்ள துண்டு. ஓரளவு விலகிப் போனதும் துண்டு புள்ளியாகத் தெரிய ஆரம்பிக்கும். அந்த எல்லைத் தொலைவைத் தோராயமாகச் சொல்லும் சூத்திரம் சிறியது:

d = L² ÷ 2λ

L என்பது வரிசையின் நீளம், λ அலைநீளம். நம் மண்டபத்து நான்கு பெட்டி வரிசையைப் போட்டுப் பார்க்கலாம். பெட்டிக்கு 25 சென்டிமீட்டர் வைத்தால் மொத்தம் ஒரு மீட்டர். 1,000 ஹெர்ட்ஸில் எல்லை 1.4 மீட்டர். 8,000 ஹெர்ட்ஸில்கூட 11 மீட்டர் சொச்சம்தான். முதல் வரிசை நாற்காலியே பெட்டியிலிருந்து ஐந்து மீட்டரில் இருக்கிறது. அதாவது பேச்சைப் புரிய வைக்கும் ஒலிகளில் பெரும்பகுதிக்கு, அந்த வரிசை கூட்டத்தை எட்டும் முன்பே புள்ளியாகிவிட்டது. தொலைவு இரு மடங்கானால் 6 டெசிபல் என்ற பழைய விதிக்கே அது திரும்பிவிடுகிறது.

சரி, ஒரு மண்டபத்தையே எடுத்துக்கொண்டு கணக்குப் போடுவோம். அகலம் 15 மீட்டர், நீளம் 28, கூரை ஐந்தரை. பெட்டியை உட்கார்ந்திருப்பவர் காது மட்டத்துக்கு மேல் 3 மீட்டர் உயரத்தில் தொங்கவிடுகிறோம். தரையில் அளந்தால் முதல் வரிசை 4 மீட்டரில், கடைசி வரிசை 24 மீட்டரில். மூன்றும் நான்கும் சேர்ந்த செங்கோண முக்கோணத்தின் கர்ணம் ஐந்து என்று படித்திருக்கிறோம். எனவே பெட்டியிலிருந்து முதல் வரிசைக் காதுக்கு 5 மீட்டர், கடைசிக் காதுக்கு 24.2 மீட்டர். விகிதம் ஐந்துக்குச் சற்றுக் குறைவு, அதன் டெசிபல் 13.7. முன்னால் இருப்பவருக்குப் பின்னால் இருப்பவரைவிட இரு மடங்குக்கும் மேல் சத்தம். மைக் செட் வைத்த இடத்திலெல்லாம் பாட்டிமார் முன்வரிசையை விட்டு எழுந்து போவதற்குக் காரணம் இந்த 13.7தான்.

இங்கே செலவே இல்லாமல் ஒரு வித்தை செய்யலாம். பெட்டியைக் கூட்டத்தின் நடுவுக்குக் குறிவைக்காமல் கடைசி வரிசைக்குக் குறிவைக்க வேண்டும். கடைசி வரிசை பெட்டியிலிருந்து 7 டிகிரி கீழே இருக்கிறது, முதல் வரிசை 37 டிகிரி கீழே. இடையில் 30 டிகிரி. பெட்டியின் செங்குத்துப் பரவு கோணம் 60 என்றால் நடு அச்சிலிருந்து விளிம்புக்குச் சரியாக 30. முதல் வரிசை விளிம்பில் விழுகிறது, தானாக 6 டெசிபல் குறைகிறது. வித்தியாசம் 13.7லிருந்து 7.7க்கு இறங்கிவிட்டது. அருகில் இருப்பவருக்குப் பெட்டி முகம் திருப்பிக்கொள்கிறது, தொலைவில் இருப்பவரை நேராகப் பார்க்கிறது. பெட்டியை இன்னும் உயர்த்த முடிந்தால் இரண்டு தொலைவுகளும் நெருங்கி வித்தியாசம் மேலும் குறையும். கூரை தாழ்ந்த மண்டபத்தில் அதற்கு வழியில்லை.

இதே மண்டபத்தில் நான்கு பெட்டி லைன் அரே என்ன செய்யும்? நேர்க் கோடாகத் தொங்கவிட்டால் 4,000 ஹெர்ட்ஸ் ஒலி சுமார் 6 டிகிரிக்குள் சுருங்கிவிடும், 1,000 ஹெர்ட்ஸ் 24 டிகிரிக்கு விரியும். பின்வரிசைக்குக் கூர்மையான ஒலி, முன்வரிசைக்கு மழுங்கிய ஒலி. அதனால் வளைத்தாக வேண்டும். ஒவ்வொரு பெட்டியின் பின்புறத் தகட்டிலும் வரிசையாகத் துளைகள், பக்கத்தில் 0, 2, 4 என்று எண்கள் பொறித்திருக்கும். பின்னை எந்தத் துளையில் செருகுகிறோமோ அதுதான் அடுத்த பெட்டியோடு அது செய்யும் கோணம். நமக்குத் தேவை 30 டிகிரி. நான்கு பெட்டிக்கு மூன்று இணைப்புகள், இணைப்புக்கு ஏழெட்டிலிருந்து பத்து டிகிரி. இவ்வளவு வளைத்ததும் ஒவ்வொரு பெட்டியும் தன் துண்டுக் கூட்டத்தை மட்டும் பார்க்கிறது. உயர் ஒலிகளுக்கு அது கோடு அல்ல, விசிறியாக வைத்த நான்கு புள்ளி மூலங்கள். ஒரு பெட்டி செய்யும் வேலைக்கு நான்கு பெட்டி வாடகை.

அதற்காக அது வீண் என்று சொல்லிவிட முடியாது. ஒரு மீட்டர் உயரம் என்பது 350 ஹெர்ட்ஸுக்கு மேல் ஒலியை மேல் கீழாக ஓரளவு கட்டிப்போடும். சிறிய ஒற்றைப் பெட்டியின் ஹார்ன் பெரும்பாலும் 1,000 ஹெர்ட்ஸுக்குக் கீழே பிடியை விட்டுவிடும். ஆகவே குரலின் கனமான பகுதி கூரைக்கும் மேடைக்கும் கசிவதை நான்கு பெட்டி வரிசை கொஞ்சம் தடுக்கும், மைக் கூவுவது குறையும். மேல் பெட்டியின் ஒலியளவைத் தனியாகக் கூட்டி, கீழ்ப் பெட்டியைக் குறைத்து முன்பின் வித்தியாசத்தைச் சமன் செய்யவும் முடியும். ஆனால் இவை வளைத்துத் தொங்கவிட்ட எந்தக் கொத்துக்கும் உள்ள பலன்கள். தொலைவு இரு மடங்கானால் 3 டெசிபல் என்ற விளம்பர வாசகம் இவற்றில் சேராது.

செங்குத்துக் கணக்கு முடிந்தது, இனி அகலம். பரவு கோணம் என்றதும் நமக்குத் தோன்றுவது முக்கோணம். பெட்டியின் வாயில் குறுகித் தொடங்கி, போகப் போக அகலும் ஒரு விசிறி. ஆனால் ஒரே அளவு சத்தம் கேட்கும் இடங்களைத் தரையில் சாக்பீஸால் குறித்துக்கொண்டே போனால் வேறு உருவம் கிடைக்கும். பெட்டிக்கு நேரே 16 மீட்டரில் ஒரு புள்ளி. அதில் பாதித் தொலைவில், அதாவது 8 மீட்டரில், தொலைவு பாதியானதால் 6 டெசிபல் கூடும். அங்கே விளிம்புக் கோணத்துக்கு நகர்ந்தால் 6 குறையும். இரண்டும் கழிந்துவிடும். ஆக 16 மீட்டரில் நேரே இருப்பவருக்கும், 8 மீட்டரில் விளிம்பில் இருப்பவருக்கும் ஒரே சத்தம். பெட்டியின் ஆட்சி எல்லை விசிறியைவிடச் செவ்வகத்துக்கே நெருக்கமானது! அதன் நீளத்தைப் பரவு கோணத்தின் பாதிக்குரிய சைனால் பெருக்கினால் அகலம் வந்துவிடும். 60 டிகிரிப் பெட்டிக்கு அகலம் நீளத்தில் பாதி, 90 டிகிரிக்கு பத்தில் ஏழு பங்கு. நம் கூடங்களும் செவ்வகம்தான். செவ்வகத்துக்குள் செவ்வகத்தைப் பொருத்துவது மட்டுமே மிச்சம்.

இப்போது 7.7 டெசிபலை இன்னும் குறைக்க மண்டபத்தை நீளவாக்கில் இரண்டாக்குவோம். மேடையருகே உள்ள இரண்டு பெட்டிகள் 16 மீட்டர் வரை மட்டும் பார்க்கட்டும். ஒவ்வொன்றின் பொறுப்பும் ஏழரை மீட்டர் அகலம், 16 மீட்டர் நீளம். 60 டிகிரிச் செவ்வகத்தின் அகலம் 8 மீட்டர், கச்சிதமாகப் பொருந்துகிறது. 60க்கு 40 பெட்டி சந்தையில் எளிதாகக் கிடைக்கும். அதன் அச்சைப் பத்தாவது மீட்டரில் உள்ள வரிசைக்குக் குறிவைத்தால் முதல் வரிசை கீழ் விளிம்பில், 6 டெசிபல் குறைவில் விழும். 16ஆவது மீட்டர் ஏறக்குறைய அச்சிலேயே இருக்கும். முன்பின் வித்தியாசம் சுமார் 5 டெசிபலுக்கு வந்துவிடும். பெரும்பாலானோர் இதைக் குறையாக உணரமாட்டார்கள்.

மிச்சப் பின்பகுதிக்கு 12 மீட்டர் ஆழத்தில், அதே உயரத்தில், இன்னொரு ஜோடி தொங்கவிட வேண்டும். சற்றுத் தாமதித்து ஒலிப்பதால் இவற்றை டிலே பெட்டி என்பார்கள். 90 டிகிரிப் பெட்டிகள் என்று வைத்துக்கொள்வோம். அவை கவனிக்க ஆரம்பிக்கும் முதல் வரிசை 16ஆவது மீட்டரில் உள்ளது. அதாவது பெட்டியிலிருந்து தரைவாக்கில் 4, உயரத்தில் 3, மறுபடியும் கர்ணம் 5 மீட்டர். இந்த இரண்டு டிலே பெட்டிகளுக்கும் இடையே எவ்வளவு இடைவெளி விடலாம்? விசிறிப் படத்தை நம்பினால் 90 டிகிரிக்கு அகலம் தொலைவில் இரு மடங்கு, எனவே 10 மீட்டர். இங்கேதான் பலர் சறுக்குவார்கள். அந்த நடுவிடத்தில் இருப்பவருக்குக் கோணத்தால் 6 டெசிபல் போகிறது, சாய்வாக ஒலி வருவதால் தொலைவும் கூடி இன்னொரு 3 போகிறது. இரண்டு பெட்டியும் சேர்ந்து தருவது 6தான், நடுவில் 3 டெசிபல் பள்ளம் விழுந்துவிடும். பள்ளம் விழாத இடைவெளிக்கு நல்ல தோராயம் இது:

S = 2 × D × sin(θ ÷ 2)

D முதல் வரிசைக்கான தொலைவு, θ பரவு கோணம். 90 டிகிரிக்கு இது தொலைவில் 1.41 மடங்கு, நமக்கு 7 மீட்டர். 60 டிகிரிக்கு இடைவெளியும் தொலைவும் ஒன்றே. ஏழு மீட்டர் இடைவெளியில் இரண்டு பெட்டிகள், ஒவ்வொன்றும் இருபுறமும் மூன்றரை மீட்டர் எட்டும். மொத்தம் 14 மீட்டர். இரு சுவரோரமும் அரை மீட்டர் நடைபாதை மட்டுமே விடுபடுகிறது. மேடை விளிம்பில் முன்வரிசைக்காகச் சிறு பெட்டிகளை வரிசையாக வைக்கும்போதும் இதே சூத்திரம்தான். அங்கே தொலைவு ஒன்றரை மீட்டர் என்றால் 90 டிகிரிப் பெட்டிகளுக்கு இடையே இரண்டு மீட்டர் சொச்சம்.

இனி காலம். 16ஆவது மீட்டரில் உட்கார்ந்திருப்பவருக்கு முன் பெட்டி 16.3 மீட்டரில், தலைக்கு முன்னால் தொங்கும் டிலே பெட்டி 5 மீட்டரில். மின்சாரம் கம்பியில் உடனே போய்விடும், ஒலிதான் காற்றில் நடந்து வர வேண்டும். இடையிலுள்ள 11.3 மீட்டரைக் கடக்க ஒலிக்கு 32 மில்லிநொடி பிடிக்கும். டிலே பெட்டி அவ்வளவு காத்திருந்தால் இரண்டும் சேர்ந்து வரும். ஆனால் அனுபவசாலிகள் இன்னும் ஒரு பத்து மில்லிநொடி சேர்த்து 42 வைப்பார்கள். 1949இல் ஹெல்முட் ஹாஸ் என்ற ஜெர்மானியர் தன் முனைவர் பட்ட ஆய்வில் விவரித்த காதின் குணம் இதற்குக் காரணம். ஒரே பேச்சு இரு இடங்களிலிருந்து வந்தால், முதலில் வந்த திசையிலிருந்தே பேச்சு வருவதாக மூளை முடிவுகட்டிவிடுகிறது. பின்னால் வருவது 5 முதல் 30 மில்லிநொடிக்குள் வந்தால், 10 டெசிபல் வரை பலமாக இருந்தாலும் அது தனியாகக் காதில் படாது. ஆக, சத்தத்தின் பெரும்பகுதியைக் கொடுப்பது தலைக்கு மேலுள்ள பெட்டி, பேசுவது மேடையில் நிற்கும் மனிதர் என்று நம்புகிறது காது. தாமதம் வைக்க மறந்தாலோ பேச்சு கூரையிலிருந்து வரும், பின்னாலேயே மேடையின் குரல் வந்து ஒவ்வொரு சொல்லையும் கலைக்கும்.

இந்தக் கணக்கு எல்லா நாற்காலிக்கும் பொருந்துமா என்ற சந்தேகம் நியாயமானது. கடைசி வரிசைக்கு முன் பெட்டி 24.2 மீட்டர், டிலே பெட்டி 12.4 மீட்டர். வித்தியாசம் 11.8, அதாவது 34 மில்லிநொடி. முன்னதைவிட ஏறக்குறைய ஒன்றரை மில்லிநொடிதான் கூடுதல். இரண்டு ஒலியும் ஏறக்குறைய ஒரே திசையில் பயணிப்பதால் பின்னால் போகப் போக இடைவெளி மாறுவதில்லை. பக்கவாட்டில் வைத்த பெட்டிகளுக்கு இந்த அதிர்ஷ்டம் கிடையாது. இடது, வலது இரண்டிலும் ஒரே குரல் வரும்போது நடுக்கோட்டிலிருந்து விலகியவருக்கு ஒன்று முந்தும். 35 சென்டிமீட்டர் வித்தியாசம் என்றால் ஒரு மில்லிநொடி. அப்போது 500, 1,500, 2,500 என்று ஒழுங்கான இடைவெளியில் ஒலிகள் ஒன்றையொன்று தின்றுவிடும். வரைபடத்தில் சீப்பின் பற்கள் போலத் தெரிவதால் இதைச் சீப்பு விளைவு என்கிறார்கள். ஒவ்வொரு பெட்டியும் தன் செவ்வகத்தோடு நின்றுகொண்டால் இந்தக் குழப்பம் நடுவில் ஒரு சிறு பட்டையோடு முடியும். 90 டிகிரிப் பெட்டிகளை இருபுறமும் வைத்துவிட்டால் பாதி மண்டபத்துக்குப் பரவும்.

இதுவரை போட்டதெல்லாம் பெட்டியிலிருந்து நேராகக் காதுக்கு வரும் ஒலியின் கணக்கு. மொசைக் தரையும் வெறும் சுவருமாக இருக்கும் மண்டபத்தில் எதிரொலி மூன்று நொடி நீடிக்கலாம். நம் கூடத்தின் பரிமாணத்தில், இப்படிப்பட்ட பெட்டியிலிருந்து ஐந்து முதல் ஏழு மீட்டர் தாண்டினாலே எதிரொலிகளின் கூட்டுச் சத்தம் நேர் ஒலியைச் சமன் செய்துவிடும். அதனால் ஒரு வேடிக்கை நடக்கிறது. சத்தம் அளக்கும் கருவியோடு பின்னால் போனால் எண் பெரிதாகக் குறையவே குறையாது. 'கடைசி வரை ஒரே லெவல்' என்று சொல்லிவிடலாம். ஆனால் சொற்கள் அங்கே குழம்பிக் கிடக்கும். அந்த இடத்தில் வால்யூமைக் கூட்டினால் எதிரொலியும் சேர்ந்தே கூடும், ஒன்றும் தெளியாது. காதுக்கும் பெட்டிக்கும் உள்ள தொலைவைக் குறைப்பது ஒன்றே வழி. மேடையில் கூடுதலாக நான்கு பெட்டி வைப்பதைவிடப் பாதி வழியில் இரண்டு பெட்டி வைப்பது இதனால்தான் வெல்கிறது.

அப்படியானால் லைன் அரே எப்போது தன் பெயருக்கு ஏற்ப உழைக்கிறது? 60 மீட்டர் நீளமுள்ள அரங்கு, நடுவில் எதையும் தொங்கவிட முடியாத உயரமான கூரை. 35 சென்டிமீட்டர் பெட்டிகள் பன்னிரண்டு, மொத்தம் 4.2 மீட்டர். எல்லைத் தொலைவு நீளத்தின் வர்க்கத்தோடு வளர்வதால், 1,000 ஹெர்ட்ஸிலேயே அது 25 மீட்டர், 4,000 ஹெர்ட்ஸில் நூறு மீட்டர். 85 ஹெர்ட்ஸ் வரையிலான ஆழ்ந்த ஒலியும் ஓரளவு கட்டுக்குள் இருக்கும். பெட்டிகளின் இடைக்கோணத்தையும் சமமாக வைப்பதில்லை. முன்வரிசை 8 மீட்டர், பின்வரிசை 60 மீட்டர் என்றால் விகிதம் ஏழரை. கோணம் தொலைவுக்குத் தலைகீழ் விகிதத்தில் போக வேண்டும் என்பது ஹைலின் இன்னொரு நிபந்தனை. மேலே ஒரு டிகிரி, கீழே வர வர இரண்டு, நான்கு, ஏழு. மேல் பெட்டிகள் அநேகமாக ஒட்டி நின்று தங்கள் சக்தி அத்தனையையும் தொலைதூரத்துக்கே குவிக்கின்றன. கடைசிப் பெட்டி மட்டும் முன்வரிசைக்குச் சிக்கனமாகப் பரிமாறுகிறது. அந்த அரங்கில் ஒற்றைப் பெட்டி இந்த வேலையைச் செய்யவே முடியாது.

எந்த அமைப்பானாலும் கூட்டம் வரும் முன் கால் மணி நேரம் நடந்து பார்த்தால் குறை பிடிபட்டுவிடும். பல டிஜிட்டல் மிக்ஸர்களில் பிங்க் நாய்ஸ் என்ற சீரான இரைச்சலை எழுப்பும் வசதி உண்டு. அதை ஒரு பக்கப் பெட்டியில் மட்டும் விட்டு, முன்னிருந்து பின்னாக நடக்க வேண்டும். இரைச்சலின் சீறல் சட்டென்று மங்கினால் விளிம்பைத் தாண்டிவிட்டீர்கள், குறி தவறியிருக்கிறது. பிறகு இரண்டு பக்கமும் விட்டுக் குறுக்காக நடந்தால் நிறம் மாறிக்கொண்டே இருக்கும் ஒரு சுழல் ஓசை கேட்கும், அது சீப்பு விளைவு. அது நடுவில் இரண்டு மூன்று நாற்காலியோடு நின்றால் சரி, சுவர் வரை வந்தால் பெட்டிகளை வெளிப்புறம் திருப்ப வேண்டும். கடைசியாக ஒருவரை மேடையில் நிறுத்தி பட்டு, பத்து, கட்டு, கப்பு என்று தொடர்பில்லாமல் வாசிக்கச் சொல்லுங்கள். இந்தச் சொற்களைப் பிரித்துக் காட்டும் மெய்யொலிகள் உயர் அதிர்வெண்ணில் வாழ்பவை. கடைசி வரிசையில் பட்டும் பத்தும் ஒன்றாகக் கேட்டால், கருவி என்ன எண் காட்டினாலும் அமைப்பு தேறவில்லை.

எனவே சவுண்ட் சர்வீஸ்காரர் லைன் அரே வேண்டுமா, சாதாரணப் பெட்டி போதுமா என்று கேட்டால், பதிலுக்கு முன் டேப்பை நீட்டி மூன்று அளவுகளை எடுங்கள். பெட்டியிலிருந்து முதல் காதுக்கு எவ்வளவு, கடைசிக் காதுக்கு எவ்வளவு, நடுவில் தொங்கவிட இடம் உண்டா. கடைசித் தொலைவு முதல் தொலைவைப் போல இரண்டு மூன்று மடங்குதான் என்றால், நன்றாகக் குறிவைத்த ஒற்றைப் பெட்டி போதும். ஐந்து மடங்கை நெருங்கி நடுவில் இடமும் இருந்தால் முன்னால் இரண்டு, பாதி வழியில் இரண்டு. அதையும் தாண்டி நடுவில் இடமே இல்லையென்றால் லைன் அரே. அப்போது நான்கு பெட்டியோடு நிறுத்தாமல், மூன்று நான்கு மீட்டர் நீளத்துக்கு வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள்.